எட்டு சீலமும் ஒரு மாலையும்

எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில் ஒருவரைப் பெருமைப்படுத்த வேண்டும் என்றால் நான்கு காரியம் செய்வோம். மாலை போடுவோம். பன்னீர் தெளிப்போம். நாற்காலியில் உட்கார வைப்போம். கடைசியில் வாயில் எதையாவது போடுவோம். செத்தவருக்கும் இதேதான். நாற்காலியில் படம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

புத்தர் பிறந்த நாளான ஒரு விசாக தினத்தில் இந்த நான்கையும் தூக்கிக்கொண்டு ஒரு சீன அக்கா வீட்டுக்குப் போனோம்.

அக்கா என் சிநேகிதி. எஸ்டேட் எல்லை தாண்டினால், திரிங்காப் ஊருக்குப் போகிற வழியில் அவருக்கு முட்டைக்கோஸ் தோட்டம். நான் எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுகிறேன். ஓய்வு நாளில் அவரிடம் காய் அடுக்கப் போவேன். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். தமிழ் நம்மைப் போலவே பேசுவார். அவர் கணவரை அண்ணன் என்பேன். காய்கறி லாரி ஓட்டினார். அந்த வருஷம் சீனப் புத்தாண்டு கழிந்ததும் மாரடைப்பில் போய்விட்டார்.

விசாகத்துக்கு முதல் நாள் காய் அடுக்கும்போது அக்கா சொன்னார்.

“நாளைக்கு நா எட்டு சீலம் எடுக்கறேன், தங்கச்சி. அவருக்காக.”

“அது என்னாக்கா?”

“கொல்லக் கூடாது. திருடக் கூடாது. பொய் கூடாது. தண்ணி போடக் கூடாது. இது எப்பவும் உள்ளதுதான். நாளைக்குப் புருஷன் பொண்டாட்டி சமாச்சாரமே கூடாது. அது எனக்குச் சுலபம்.” சிரிக்காமல் சொன்னார். “மத்தியானத்துக்கு மேல சாப்பாடு இல்ல. பாட்டுக்கூத்து, பூ, சென்ட், நகை இல்ல. ஒசந்த நாற்காலி, மெத்தை இல்ல. மறுநா விடியற வரைக்கும்.”

“முடியுமா?”

“ஒரு நாளுதான? அந்தப் புண்ணியத்த அவருக்குக் குடுக்கணும். ஒடஞ்சதக் குடுக்க மனசு வரல.”

அடுத்த கூடையை இழுத்தோம். காய் நிறைய இருந்தது.

மறுநாள் லீவு. மத்தியானம் கழிந்ததும் போய் ஒரு வாழ்த்து சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். படிக்கட்டில் கோயில் தலைவர் நின்றார். பின்னால் கமிட்டி ஆட்கள் மூன்று பேர். ஒருவர் கையில் செவ்வந்தி மாலை. ஒருவரிடம் பன்னீர்ச் செம்பு. ஒருவர் நாற்காலியையே தலையில் வைத்திருந்தார். தலைவர் கையில் மூடி போட்ட பாத்திரம்.

“நீயும் வா. அந்தச் சீனம்மா வருஷா வருஷம் நம்ம திருவிழாவுக்கு ஓசியில காய் குடுக்குது. ஒரு மரியாத செய்யணும் இல்ல?”

பத்து வருஷமாகக் காய் வருகிறது. மரியாதை அன்றைக்குத்தான் வந்தது. அடுத்த மாதம் கமிட்டித் தேர்தல்.

“பூவும் சாப்பாடும் வேணாம், தலைவரே. அவங்க விரதம்.”

“தெரியாதா எனக்கு? நம்ம முருகனுக்கும் விசாகந்தான். காலைல பட்டினி கெடப்பாங்க, மத்தியானம் சாமி கும்பிட்டு முடிப்பாங்க. முடிக்கத்தான் இந்தக் கேசரி.”

“அவங்களுது மாத்தி. காலைல சாப்பிடுவாங்க. மத்தியானத்துக்கு மேலதான் கூடாது.”

“அப்படி ஒரு விரதம் ஒலகத்துலயே கெடையாது,” என்று தலைவர் நடந்தார். ஒலகம் என்றால் அவருக்குப் பக்கத்து ஊர் கம்போங் ராஜாவோடு முடிகிறது.

அக்கா வெள்ளை உடுப்பில் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தும் காதும் வெறுமை. முன்னால் மேடையில் சின்னப் புத்தர், விளக்கு, ஒரு கிண்ணம் தண்ணீர், பூ. பக்கத்தில் அண்ணனின் படம். எங்களைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார். நாற்காலியைப் பார்த்ததும் கண் என் பக்கம் வந்தது.

“உக்காருங்கம்மா,” என்றார் தலைவர்.

“பாயே போதும், தலைவரே.”

“நீங்க கீழ ஒக்காந்தா எங்களுக்குத்தான் கேவலம்.”

அக்கா பாயில் உட்கார்ந்தார். கமிட்டி ஆட்கள் திகைத்தார்கள். கடைசியில் தலைவரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொண்டு வந்ததை வீணாக்கக் கூடாதே.

பன்னீர்ச் செம்பு வைத்திருந்தவர் குலுக்க ஆரம்பித்தார். அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். “விடுங்க. சென்ட் ஆகாது.” அவர் தன் மேலேயே தெளித்துக்கொண்டார்.

பிறகு கேசரி. மூடியைத் திறந்ததும் நெய் வாசம் வீடு முழுக்க அடித்தது. அக்கா விடிகாலையில் எழுந்தவர். மத்தியானத்துக்கு முன்னால் குடித்த கஞ்சி ஜீரணமாகி இருக்கும். கண்ணை மட்டும் தாழ்த்தினார்.

“ஒரு வாய். சாமி கோவிச்சுக்காது.”

“இப்ப வேணாம், தலைவரே.”

“சரி, அப்ப சாமிக்குப் படைங்க. பெறகு பிரசாதமா சாப்பிடலாம்.”

“அவரும் மத்தியானத்துக்கு மேல சாப்பிட மாட்டாரு.”

தலைவர் புத்தரைப் பார்த்தார். கமிட்டியில் சேர்க்க லாயக்கில்லாத ஆள் என்று நினைத்திருப்பார்.

“கேசரி பிடிக்கும்தான உங்களுக்கு?”

அக்கா யோசித்தார். இன்னொருவராக இருந்தால் சர்க்கரை வியாதி என்று சொல்லித் தப்பியிருப்பார். அன்றைக்கு அவருக்கு அந்த வழி இல்லை.

“ரொம்பப் பிடிக்கும். இப்பக்கூடச் சாப்பிடணும்னு ஆசையா இருக்கு. ஆனா சாப்பிட மாட்டேன்.”

தலைவர் பாத்திரத்தை மூடிவிட்டார். எங்கள் ஆட்கள் உபசரிப்புக்குப் பொய் கேட்டுப் பழகியவர்கள்.

கடைசியாக மாலை. தலைவர் எழுந்து வாங்கிக்கொண்டார். கமிட்டி ஆள் ஒருவர் கைப்பேசியைத் தூக்கினார். தலைவர் முகத்தைக் கைப்பேசிப் பக்கம் திருப்பி, மாலையை விரித்து, பாயில் இருந்தவர் தலைக்கு மேல் கொண்டுபோனார்.

அக்கா அசையவில்லை. தட்டிவிட்டால் வந்தவருக்கு அவமானம். விட்டால் சீலம் உடையும், அண்ணனுக்கு உடைந்ததுதான். அவர் கை இரண்டும் மடியில் இறுகின.

நான் நடுவில் போய் நின்றேன். மாலை என் தலையில் விழுந்தது.

“என்னா புள்ள இது?” என்றார் தலைவர்.

“படம் எடுத்தாச்சா?” என்றேன்.

எடுத்தாகிவிட்டது. தலைவர் எனக்கு மாலை போடுகிற படம். கொழுந்து வெட்டுகிறவளுக்கு எஸ்டேட்டில் கிடைத்த முதல் மரியாதை.

மாலையைக் கழற்றி அக்காவின் இரண்டு கையிலும் கொடுத்தேன். அவர் வாங்கி, எழுந்து, புத்தர் முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

“பூ சாமிக்கு நல்லது, தலைவரே. நானு போட்டுக்கத்தான் கூடாது. நீங்க கொண்டாந்த பூ, உங்க பேர்லயும்தான்.”

தலைவர் முகம் கொஞ்சம் தணிந்தது. வாசலில் நின்று கேசரியை நால்வரும் முடித்தார்கள். நாற்காலியை மறக்காமல் எடுத்துப் போனார்கள்.

நான் பாயில் உட்கார்ந்தேன்.

“காலைல கோயிலுக்குப் போனீங்களா?”

“பிரிஞ்சாங் டவுனு கோயிலுக்கு. சாமியாருகிட்ட சீலம் எடுத்தேன். பெறகு குட்டிப் புத்தருக்குத் தண்ணி ஊத்தினேன். தாமரை மேல நிப்பாரு. ஒரு கை வானத்தக் காட்டும், ஒரு கை மண்ணக் காட்டும். வாசனத் தண்ணிய மொண்டு தோள்ல ஊத்தணும். மூணு தரம்.”

“அவரக் கழுவறதா?”

“அவரு சுத்தந்தான். நம்ம மனசத்தான் கழுவறோம்.”

அப்போதுதான் நினைவு வந்தது. நாங்கள் ஐந்து பேர் வாழ்த்து சொல்ல வந்தோம். ஒருவரும் சொல்லவில்லை.

கைகூப்பினேன். “விசாக வாழ்த்துக்கா.”

அக்கா கைகூப்பித் தலை குனிந்தார். கூப்பிய கையை உடனே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

“ஒடயலியே, தங்கச்சி?”

“ஒடயல.”

அண்ணனின் படத்தைப் பார்த்தார். “அப்ப அவருக்குக் குடுத்ததுல ஒனக்கும் பங்கு. இது குடுத்தாக் கொறையாது. தலைவருக்கும் உண்டு.”

“அவருக்கு எதுக்குக்கா? கேசரி தின்னுட்டுப் போயிட்டாரு.”

“அவருக்குத்தான் மொதல்ல வேணும்,” என்றார் அக்கா.

பொய் சொல்லக் கூடாத நாள். ஆகவே நான் நம்பினேன்.