பென்சில் அக்கா திரும்ப எழுதிய வரி

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. எல்லோருக்கும் அவர் பென்சில் அக்காதான். மருந்து விநியோகம் செய்யும் நிறுவனம் எங்களுடையது. அதில் ஆட்களுக்கு வேலை தருவது, நிறுத்துவது, எச்சரிப்பது என்று கடிதமாகப் போகிற எதுவும் அக்காவின் மேஜையைத் தாண்டித்தான் போகும். முதலில் தாளில் அச்செடுப்பார். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரியாக நிறுத்தி, சம்பந்தப்பட்டவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இது நடந்துச்சா?"

நடந்தது என்றால் வரியின் ஓரத்தில் ஒரு டிக் விழும். இல்லையென்றால் வரி போய்விடும். மேலதிகாரி எழுதிய வரியாக இருந்தாலும் இதே கதிதான். அக்காவின் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவருக்கு அனுப்புகிற குறுஞ்செய்தியில்கூட முற்றுப்புள்ளி வைப்பார். "கல்யாணத்துக்கு முன்னாடி மாமா எழுதின லெட்டரையும் திருத்தினீங்களா அக்கா?" என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன். "ரெண்டு வரி அடிச்சேன். அதெல்லாம் நடக்கவே இல்ல" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

நான் அவருக்குப் பக்கத்து மேஜை. ஆளெடுப்பது என் வேலை. எனக்கு வாய் நீளம். அதனால்தான் அந்த வேலை கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். அந்த வாய் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுத வந்திருக்கிறேன்.

வேலைக்கான கடிதம் கொடுத்த பிறகு, அந்த ஆள் சொன்ன விவரங்கள் சரிதானா என்று வெளியே ஒரு நிறுவனத்தை வைத்து விசாரிப்போம். படிப்பு, பழைய வேலை, முகவரி. பெரும்பாலும் எல்லாம் சரியாக இருக்கும். எப்போதாவது சிவப்புப் பட்டையோடு அறிக்கை வரும். அப்போது, கொடுத்த வேலையைத் திரும்பப் பெறுகிற கடிதம் போக வேண்டும். அந்தக் கடிதத்துக்கு அக்கா தனியாகச் சில விதிகள் வைத்திருந்தார். 'பொய்', 'மோசடி' என்ற சொற்கள் வரக் கூடாது. என்ன வேறுபாடு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அறிக்கையின் நகலை இணைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் அனுப்பக் கூடாது, ஏனென்றால் பாவப்பட்ட மனுஷன் இரண்டு நாள் யாரிடமும் கேட்க முடியாமல் தவிப்பான். அனுப்புவதற்கு முன்னால் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடைசியில் வாழ்த்து கூடாது.

"வெளியே போன்னு சொல்லிட்டு, நல்லா இருன்னு வேற சொல்லணுமா?" என்பார்.

எதற்கு இத்தனை பாடு என்று கேட்டதற்கு ஒருமுறை சொன்னார். "என் தம்பிக்கு இப்படி ஒரு லெட்டர் வந்துச்சு. ரெண்டே வரி. எதுக்காகன்னு இன்னிக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது."

போன வருடம் எங்கள் குளிர்பதனக் கிடங்குக்கு மேற்பார்வையாளர் அவசரமாகத் தேவைப்பட்டார். ஒருவர் கிடைத்தார். நாற்பதைத் தொடும் வயது. வேறொரு நிறுவனத்தின் கிடங்கில் ஆறு வருடமாக மேற்பார்வையாளராக இருந்தார். தடுப்பூசிப் பெட்டிகளை எந்த வெப்பநிலையில் எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வேலைக்கான கடிதம் போன மறுநாளே அழைத்தார்.

"மேடம், அங்க ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்கணும். உங்க செக்கிங் முடிஞ்சதும் பேப்பர் போடவா?"

விசாரணை முடியப் பதினைந்து நாள் ஆகும். அதன் பிறகு அவர் ராஜினாமா கொடுத்து, ஒரு மாதம் இருந்து, பிறகு வந்தால், இத்தனை பேரை எடுக்க வேண்டும் என்ற என் அந்த மாதக் கணக்கு போய்விடும். கிடங்கு மேலாளர் வேறு தினமும் என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி சார். இன்னிக்கே பேப்பர் போட்டுடுங்க" என்றேன்.

அவரும் போட்டுவிட்டார். என் படிவத்தில் 'சரிபார்ப்பு முடியும்வரை தற்போதைய வேலையை விட வேண்டாம் என்று சொல்லப்பட்டது' என்று ஒரு கட்டம் இருக்கும். வழக்கம்போல அதிலும் டிக் போட்டேன்.

பதினாறாம் நாள் அறிக்கை சிவப்பாக வந்தது. இப்போதைய வேலையில் ஒரு குறையும் இல்லை. அதற்கு முந்தைய வேலையில்தான் சிக்கல். இரண்டு வருடம் ஒரு மாதம் என்று எழுதியிருந்தார். உண்மையில் பதினோரு மாதம். மீதிப் பதினாலு மாதத்தை நீட்டி எழுதியிருந்தார். விளக்கம் கேட்டு, ஐந்து வேலை நாள் அவகாசம் கொடுத்து அக்கா எழுதினார். இரண்டாம் நாளே பதில் வந்தது. அந்தப் பதினாலு மாதம் சொந்தமாகக் கடை வைத்து நொடித்துப் போனதாகவும், அதை எழுத வெட்கப்பட்டு வேலையை நீட்டிப் போட்டதாகவும், தப்புத்தான் என்றும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். மருந்துக் கிடங்கின் பொறுப்பு என்பதால் எங்கள் அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. அதில் எனக்கு இன்றும் மறுப்பில்லை.

அக்கா கடிதத்தை அச்செடுத்து என்னைக் கூப்பிட்டார். 'தாங்கள் அளித்த பணிக்கால விவரத்துக்கும், எங்களுக்குக் கிடைத்த விவரத்துக்கும் பதினான்கு மாத வேறுபாடு உள்ளது.' டிக். 'தங்கள் விளக்கத்தை முழுமையாகப் பரிசீலித்தோம். அதை மறைக்காமல் எழுதியதை மதிக்கிறோம்.' டிக். 'எனினும், பணி நியமனக் கடிதத்தின் நான்காம் நிபந்தனைப்படி அதைத் திரும்பப் பெறுகிறோம். இந்த விவரத்தை வெளியே எவருடனும் பகிர மாட்டோம்.' டிக். பிறகு இந்தக் கடிதங்களில் எப்போதும் வரும் வரி: 'சரிபார்ப்பு முடியும்வரை தற்போதைய பணியிலிருந்து விலக வேண்டாம் என்று தங்களிடம் முன்பே தெரிவித்திருந்தோம்.'

"இது நடந்துச்சா? சொன்னியா?"

"சொன்னேன்கா" என்றேன். நாக்கு கூசவில்லை. அக்கா டிக் போட்டார்.

அக்கா அவரை அழைத்து விஷயத்தைச் சொன்னார். கடைசியில் அவர் "நீங்க கூப்பிட்டுச் சொன்னதே பெருசுங்க" என்றாராம். அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. மதியம் டப்பாவைத் திறந்து நன்றாகவே சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது என்மேலேயே கோபம் வருகிறது.

நான்கு நாள் கழித்து அக்காவின் தொலைபேசி அடித்தது. அழைத்தது அவர்தான். யாராவது முக்கியமாகப் பேசினால் அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வது அக்காவின் வழக்கம். அதனால் பக்கத்து மேஜையில் இருந்த எனக்கு ஒவ்வொன்றும் கேட்டது.

"ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கக் கேட்டிருக்கீங்க. சரி. நடந்ததை மறைக்க வேணாம்னு நம்ம லெட்டரையே உங்க மேனேஜர்கிட்ட காட்டிட்டீங்க. சரி. அவரு… வேணாம்னு சொல்லியும் கேக்காம பேப்பர் போட்ட ஆளு, இங்க இருக்கப் பிடிக்காமத்தானே போட்டீங்கன்னு கேட்டுட்டாரு." பென்சில் நின்றது. "இன்னும் ஒரு தடவை சொல்லுங்க சார். அப்படி யாரும் சொன்ன ஞாபகம் இல்ல. லெட்டர்ல இருக்கிறதால… நீங்கதான் மறந்துட்டீங்களோன்னு கேக்குறீங்க."

சண்டை போட அவர் அழைக்கவில்லை. தன் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டு அழைத்திருந்தார். அக்கா எழுதிய கடிதம் அவ்வளவு மரியாதையாக இருந்ததால், அதில் தப்பாக ஒரு வரி இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். "நோட்டீஸ் முடிய அவருக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

"நான் சொல்லலக்கா. பேப்பர் போடுங்கன்னு சொன்னதே நான்தான்."

"அன்னிக்குக் கேட்டப்ப?"

"பொய் சொல்லிட்டேன்."

அக்கா பென்சிலைக் காதில் செருகாமல் கையிலேயே வைத்திருந்தார். "அவரு பதினாலு மாசத்தை நீட்டிப் போட்டாரு. நாம ஒரு வரியை நீட்டிப் போட்டோம். அவருக்கு வேலை போச்சு. நமக்கு மாசச் சம்பளம் வரும், இல்ல?" 'நீ' என்று சொல்லியிருக்கலாம். 'நாம' என்றார். அதுதான் சுட்டது.

இருவரும் அதிகாரியிடம் போனோம். நான் சொல்லி முடித்ததும் அவர் முகம் கறுத்தது. "எழுத்துல ஒத்துக்கிட்டா நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவாரும்மா. போன்ல ஒரு சாரி சொல்லி முடிங்க."

"அவருக்குக் குடுத்த வேலையை நாம திரும்ப வாங்கினது எதுக்கு சார்?" என்றார் அக்கா. "எழுதினதும் நடந்ததும் ஒத்துப்போகலன்னுதானே?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எழுதிட்டு வாங்க" என்றார்.

அன்று மாலையே திருத்தக் கடிதம் போயிற்று. முந்தைய கடிதத்தின் அந்த வரி உண்மையல்ல. விலக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உடனே விலகும்படி எங்கள் தரப்பிலிருந்துதான் சொல்லப்பட்டது. தங்கள் ஞாபகம் சரியானது. தவறு எங்களுடையது. இவ்வளவுதான். ஒவ்வொரு வரிக்கும் "நடந்துச்சா?" என்று அக்கா கேட்டார். ஒவ்வொரு தடவையும் "நடந்துச்சு" என்று சொன்னேன்.

அவருடைய மேலாளர் அதைப் பார்த்துவிட்டு ராஜினாமாவைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் மேற்பார்வையாளர் நாற்காலியை அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அவருக்குக் கீழே இருந்த ஒருவருக்குக் கொடுத்திருந்தார்களாம். தான் வேலை சொல்லிக் கொடுத்த ஆளுக்குக் கீழேதான் இப்போது அவர் வேலை பார்க்கிறார். அவரே அழைத்து, வேலை நிற்கிறது, நன்றி என்று சொன்னார். நன்றி! நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த நாற்காலி அவருக்கே இருந்திருக்கும். இந்தக் கணக்கை நான் எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் அது என் தலையில்தான் வந்து விடிகிறது.

எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எழுதியது அக்காதான். 'தாங்கள்' என்று ஆரம்பித்து, கடைசிவரை ஒரு கடுஞ்சொல் இல்லாமல், அவ்வளவு மரியாதையாக. ஆறு வருடமாக என்னை 'ஏய், வாடி' என்று கூப்பிடுகிறவர். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா மாறவில்லை. இப்போதும் டப்பாவில் இருப்பதைப் பாதி எனக்குத் தருகிறார். மாமாவைப் பற்றிய கிண்டலுக்கும் சிரிக்கிறார். போன வாரம் இன்னொரு சிவப்பு அறிக்கை வந்தது. அச்செடுத்த கடிதத்தோடு என்னைக் கூப்பிட்டார். வரிவரியாக வந்தோம். அந்த வரி வந்தது.

"சொன்னேன்கா" என்றேன், அவர் கேட்பதற்கு முன்னாலேயே. இந்தத் தடவை உண்மையாகவே சொல்லியிருந்தேன்.

அக்கா தலையாட்டினார். பென்சில் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது.

"மெயில் இருக்கா?" என்றார்.