எட்டாவது கேள்வி, நீல மை

எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பதினாறு வருடமாகத் தற்காலிக உதவியாளராக இருந்தவரை எல்லாரும் 'சொட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட எட்டு வயது மூத்தவன் நான். போதாததற்குப் பாடம் நடத்துகிற வாத்தியார். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மாணவர்கள் பியூரெட் குழாயைத் திறந்து அமிலத்தை ஊற்றோ ஊற்று என்று ஊற்றும்போது பின்னால் வந்து நிற்பார். "இன்னும் ரெண்டு சொட்டுதான், பார்த்து விடு" என்பார். இரண்டாவது சொட்டில் நிறம் மாறும். எனக்கே அந்தக் கணக்கு பிடிபட்டதில்லை.

பேச்சு குறைவு. ஆனால் கோபம் வந்தால் குடுவை கழுவுகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். அந்தச் சத்தம் கேட்டால் நான் மாடிப்பக்கம் போய்விடுவேன். வீட்டில் ஒன்று, வேலையில் ஒன்று என்று இரண்டு இடத்திலும் திட்டு வாங்க என்னால் ஆகாது.

அந்த வருடம் நிரந்தர ஆய்வக உதவியாளர் இடம் ஒன்றே ஒன்று வந்தது. பத்துக் கேள்வி, பத்து மதிப்பெண். அதிகம் எடுப்பவருக்கு வேலை. நாற்பத்தைந்து வயது முடிந்துவிட்டால் விண்ணப்பிக்க முடியாது. அக்காவுக்கு அடுத்த மாதம் முடிகிறது. இதை விட்டால் இல்லை. கேள்வித்தாள் போட்டவன் நான்.

தேர்வு எழுதியவர்களில் இயற்பியல் ஆய்வகத்துத் தற்காலிக உதவியாளனும் ஒருவன். என் மனைவியின் தம்பி. இதை முதல்வர் மேடத்திடம் முன்கூட்டியே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேள்வித்தாளை அவனுக்குக் காட்டவில்லை, அது சத்தியம். ஆனால் என் பழைய பாடக்குறிப்பைத்தான் அவன் உருப்போட்டான் என்பதும் சத்தியம்.

தாளில் பத்துக் கலவைகள் கொடுத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் வடிகட்டல், காய்ச்சி வடித்தல், குரோமட்டோகிராபி, இந்த மூன்றில் எது பொருந்தும் என்று எழுத வேண்டும். தண்ணீரில் மணல் என்றால் வடிகட்டல். உப்புக் கரைசலிலிருந்து தண்ணீர் வேண்டுமென்றால் காய்ச்சி வடித்தல். இலைச்சாற்றில் என்னென்ன நிறமிகள் என்று பார்க்க குரோமட்டோகிராபி, அதாவது சாற்றைத் தாளில் ஏறவிட்டு நிறங்களைப் பிரிப்பது. ஏழாவது, கறுப்பு மையில் எத்தனை சாயங்கள் உள்ளன என்று அறிய. அதுவும் குரோமட்டோகிராபிதான். எட்டாவது, நீல மையிலிருந்து நிறமற்ற நீரைப் பெற. விடைக்குறிப்பு எழுதும்போது மை என்ற சொல்லைப் பார்த்ததும் என் கை பழக்கத்தில் மறுபடி குரோமட்டோகிராபி என்றே எழுதிவிட்டது. இருபத்தைந்து வருடமாக "மையைப் பார்த்தா தாள்ல ஏத்து" என்று பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திச் சொன்ன கை அல்லவா!

முடிவு ஒட்டினார்கள். மச்சினன் எட்டு. அக்கா ஏழு. அக்கா ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் கருவியின் படமும் வரைந்துகொண்டிருந்ததில் கடைசி இரண்டு கேள்விக்கு நேரமில்லாமல் போயிற்று. எட்டாவதற்குக் காய்ச்சி வடித்தல் என்று எழுதியிருந்தார். நான் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தேன். குரோமட்டோகிராபி என்று எழுதிய மச்சினனுக்குச் சரி.

மறுநாள் காலை முதல்வர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா விடைத்தாள் நகலோடு நின்றுகொண்டிருந்தார். முதல்வர் மேடம் கணக்குப் பேராசிரியை. வேதியியல் அவருக்குத் தூரத்துச் சொந்தம்.

"சார், எட்டாவது கேள்விக்கு இவங்க எழுதினது சரின்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

தப்பு என்னுடையது என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அதைத் திருத்தினால் அக்கா எட்டு, மச்சினன் ஏழு. முந்தின நாள் சாயங்காலம்தான் அவன் எனக்குப் போன் பண்ணி "மாமா, உங்க புண்ணியம்" என்று அழுதிருந்தான். என் மனைவி அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன்.

"மையைக் கொதிக்க வெச்சா சாயமும் ஆவியோட சேர்ந்து வந்துரும் மேடம். நிறமில்லாத தண்ணி கிடைக்காது. அதான் குரோமட்டோகிராபி."

வடிகட்டின பொய். வேதியியல் படித்தவன் வாயிலிருந்து வரக்கூடாத பொய்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தாள்ல ஏறின தண்ணி காத்துல போயிடும் சார். அதை எந்தக் குடுவையில பிடிக்கிறது?"

மேடம் சிரித்துவிட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணிக்கு நியமன உத்தரவு மேலிடத்துக்குப் போகணும். இப்ப பத்து. செஞ்சு காட்டுங்க. தண்ணி நிறமில்லாம வந்தா மார்க். நீலமா வந்தா பேசக்கூடாது."

ஆய்வகத்தில் நாங்கள் மூன்று பேர்தான். அக்கா உருண்டைக் குடுவையில் பாதிக்கும் குறைவாக மையை ஊற்றினார். வெப்பமானியின் குமிழ் பக்கக்குழாய்க்கு நேராக நிற்கும்படி மூடியில் பொருத்தினார். ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சருக்குக் கீழ்ப்பக்கம் தண்ணீர் விட்டு மேல்பக்கம் வெளியேற்றினார். ஆவி அடைபடாமல் இருக்க, சேகரிக்கும் பீக்கரை மூடாமல் வைத்தார். எல்லாம் சுத்தம். ஆனால் இரண்டு தடவை கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். பதினாறு வருடத்தில் அவர் வேலை நடுவில் கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை.

பீங்கான் சில்லுகளை ஒரு கண்ணாடித் தட்டில் எடுத்து வைத்திருந்தார். திரவம் குபீரென்று பொங்காமல் நிதானமாகக் கொதிக்க அவற்றைக் குடுவையில் போட்டுத்தான் சூடாக்க வேண்டும். போடப்போகும் நேரத்தில் மேடம், "எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று கேட்டார். அக்கா திரும்பி, "முப்பது நிமிஷம் மேடம்" என்றார். திரும்பியவர் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குடுவையை மூடினார். பர்னரைப் பற்ற வைத்தார்.

சில்லுகள் தட்டிலேயே கிடந்தன.

நான் பார்த்தேன். என் கண்ணுக்கும் தட்டுக்கும் நடுவே இரண்டடி தூரம்கூட இல்லை. வாயைத் திறக்கவில்லை. பொங்கினால் மை கண்டென்சருக்குள் பாயும், பீக்கரில் நீலமாக விழும், மச்சினனுக்கு வேலை. நான் ஒன்றும் செய்யவில்லையே, சும்மாதானே நிற்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நின்ற இடத்திலேயே ஒருத்தி குடியைக் கெடுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பத்து நிமிடம் போனது. குடுவை அசையாமல் இருந்தது. குமிழி ஒன்றுகூட இல்லை. திடீரென்று 'டொக்' என்று ஒரு சத்தம். தாங்கியே குலுங்கியது. இன்னொரு 'டொக்'. நீலம் குடுவையின் கழுத்து வரை எகிறி, பக்கக்குழாய்க்கு ஒரு விரற்கடை கீழே தொட்டு, மறுபடி விழுந்தது. அக்கா பாய்ந்து பர்னரை அணைத்தார்.

"ஐயோ! சில்லு போடலையே!"

"இதுதானே? இந்தாங்க, போட்டா போச்சு, நேரமாகுது" என்று மேடம் குடுவையின் மூடியைத் துணியால் பிடித்துக் கழற்றினார். தட்டைக் கையில் எடுத்து, குடுவையின் வாய்க்கு மேலே முகத்தைக் கொண்டுபோனார்.

"போடாதீங்க!" நான் கத்திய கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்திருக்கும். அதற்குள் அக்கா மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டிருந்தார்.

"சூட்டுல போட்டா மொத்தமா பொங்கி முகத்துல அடிக்கும் மேடம்," என்றார் மெதுவாக. "முதல்லயே போட்டிருக்கணும். இப்ப ஆறணும்."

மேடம் வெளுத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினார். கோபமே இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் தேவலை.

"தட்டு உங்க பக்கத்துலதான் இருந்தது, இல்ல சார்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குடுவை ஆற வேண்டும். பத்து இருபது. பத்து இருபத்தைந்து. அக்கா இரண்டு கையையும் மேலங்கிப் பையில் விட்டுக்கொண்டு குடுவையையே பார்த்துக்கொண்டு நின்றார். விசிறி வைக்கலாமா என்று மேடம் கேட்டார். வேண்டாம், கண்ணாடி விரியும் என்றார். பத்து முப்பத்தைந்துக்குக் குடுவையின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார். சில்லுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். மறுபடி தீ, இந்த முறை சின்னதாக.

சில்லுகளிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. வெப்பமானி எழுபது காட்டியது. எண்பத்தைந்து. குழாயின் உள்பக்கம் வேர்த்தது. நூறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கண்டென்சரின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது, தொங்கியது, விழமாட்டேன் என்றது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நேரத்தில் அது நிறமில்லாமல் விழட்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன். மச்சினன் முகம், மனைவி முகம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

விழுந்தது. அடுத்தது. அடுத்தது. பத்து ஐம்பத்து மூன்றுக்கு மேடம் பீக்கரை எடுத்து வெள்ளைத்தாளுக்கு முன் பிடித்தார். சுத்தமான தண்ணீர். குடுவையில் மட்டும் நீலம் இன்னும் கெட்டியாகக் கிடந்தது.

"விடைக்குறிப்பு யார் எழுதினது?"

"நான்தான் மேடம். தப்பா எழுதிட்டேன். தெரிஞ்சும் பொய் சொன்னேன். எட்டு மார்க் வாங்கினவன் என் மச்சினன்."

மேடம் பேனாவைத் திறந்தார். "உங்க விஷயத்தை அப்புறம் பேசுறேன்," என்றார். அங்கேயே, மை சிந்திய மேசையில் வைத்து, மதிப்பெண் பட்டியலில் அக்கா பெயருக்கு எதிரே ஏழு என்பதை அடித்து எட்டாக்கி, மச்சினன் பெயருக்கு எதிரே எட்டை அடித்து ஏழாக்கிக் கையெழுத்துப் போட்டார். உத்தரவு அக்கா பெயரில் போயிற்று. எனக்கு ஓர் ஆண்டுக்குக் கேள்வித்தாள் வேலை கிடையாது என்று கடிதம் வந்தது. மனைவி நான்கு நாள் பேசவில்லை. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

பணியில் சேர வந்த அன்று அக்காவிடம் மேடம் என் எதிரிலேயே கேட்டார். "உங்க கெமிஸ்ட்ரி லேப்லயே போட்டுடவா? பதினாறு வருஷம் பழகின இடம்."

"வேண்டாம் மேடம். பிசிக்ஸ் லேப் குடுங்க."

"ஏம்மா? அங்க உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே."

"கத்துக்கிறேன். கெமிஸ்ட்ரி லேப்ல தீயும் அமிலமும் புழங்குது மேடம். அங்க கூட நிக்கிற ஆள், நான் எதையாவது மறந்தா உடனே சொல்ற ஆளா இருக்கணும்."

நான்தான் கத்தினேனே என்று சொல்ல வாயெடுத்தேன். நான் கத்தியது மேடத்தின் முகத்துக்காக. அதற்கு முன்னால் பத்து நிமிடம் அந்தக் குடுவைக்கு எதிரே நின்றிருந்தது அக்காவின் முகம். வாயை மூடிக்கொண்டேன். அக்கா உத்தரவை மடித்துக் கைப்பையில் வைத்தார், எனக்கும் ஒரு வணக்கம் சொன்னார், இயற்பியல் ஆய்வகம் இருக்கும் பக்கம் நடந்தார்.