மண்குவியலின் உச்சியில் கிடந்த கல்

எண்பதுகளில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்தினேன். சந்தேகம் என் பிறவிக் குணம். சாக்பீஸைக்கூட எண்ணித்தான் வைப்பேன்.

அந்த வருஷம் ஆய்வக அலமாரியில் ஒரு தொல்லுயிர்ப் படிமம் காணாமல் போனது. ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கடல் சிப்பி. அந்த உயிர் செத்து, சேற்றில் புதைந்து, மேலே அடுக்கடுக்காக வண்டல் படிந்து இறுகி, அதன் ஓடு கல்லாகிப் போனது. எங்கள் ஊர்ப் பாறை பூமிக்கடியில் வெந்து உருமாறியது. அதில் அப்படி எதுவும் கிடைக்காது. அதற்காகவே பிள்ளைகளை அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழிக்குக் கூட்டிப்போனேன்.

திரும்பி வந்த மறுவாரம், சித்தையன்கோட்டை விவசாயி வீட்டுப் பெண் ஒருத்தி தான் எடுத்த கற்களை அடுக்கி வைத்தாள். அதில் ஒன்று, அச்சு அசல் காணாமல் போன சிப்பி. சீட்டில் எழுதியிருந்தாள்: எடுத்த இடம்: குழிக்கு வெளியே வெட்டிக் கொட்டிய மண்குவியலின் உச்சி; சேர்ந்த அடுக்கு: குழியின் அடியடுக்கு.

"அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. இதுகூடத் தெரியாதா? உச்சியில் எடுத்துவிட்டு அடியடுக்கு என்கிறாய். அலமாரியில் அந்தச் சிப்பியோடு இருந்த சீட்டைப் பார்த்து எழுதினாயா?"

"பாறையில அப்படித்தான் சார். வெட்டிக் கொட்டுன மண்ணுக் குமியில தலைகீழு. எங்க கெணறு வெட்டுனப்ப பாத்துருக்கேன். அடி மண்ணு கடைசியாத்தான் வெளிய வரும், அதான் உச்சியில கெடக்கும்."

பதில் சரியாக இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"செய்முறைத் தேர்வுக்கு உன்னை அனுப்ப மாட்டேன்."

அவள் முகம் செத்துப்போனது. "இந்த வருசம் போச்சுன்னா வீட்டுல திரும்பப் படிக்க விடமாட்டாக சார்."

திருடும்போது அது தெரியவில்லையா என்று கேட்டேன். அவள் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

சூட்டோடு சூடாகப் புகார் எழுதிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது. அவர் என் தாளை வாங்கி மேசையில் வைத்தார். பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

சுருண்ட கல். விளிம்பில் வெள்ளைப் பெயின்டில் எங்கள் ஆய்வக எண்.

"உங்க அலமாரியிலிருந்து எடுத்து வரச் சொன்னேன். நல்ல கனமா இருக்கு" என்றார்.

புகாரை உருவிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். அவளுடைய கல்லை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். எண் எதுவும் இல்லை. சுருளின் இடுக்கில் சாம்பல் நிறக் களிமண் ஒட்டியிருந்தது. குழியின் அடியடுக்கில் நானே விரல் வைத்துக் காட்டிய அதே களிமண்.

படிக்கட்டுக்குப் போய் அவள் குறிப்பேட்டை வாங்கி, செய்முறைத் தேர்வுக்கு அனுமதித்துக் கையெழுத்துப் போட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் தேர்வில் தேறிப் போனாள்; நான் கடைசிவரை கேட்கவே இல்லை.