லேமினேஷன் போட்டது நான்தான்

அமிர்தவள்ளி அக்கா என் கடைக் கண்ணாடி மேசை மீது தன் மகள் பூர்ணிமாவின் பட்டச் சான்றிதழை அடித்து வைத்தாள். கண்ணாடி உடைந்திருந்தால் கூட எனக்கு ஆச்சரியம் இல்லை.

"இன்னா மோகனா இது? இதுல சீல் குத்த முடியாதாம். கவுன்டர்ல திருப்பிக் குடுத்துட்டாங்க. உள்ள பேப்பர் தெரியுது, தொட முடியல. யார் போட்டது இந்தப் பிளாஸ்டிக்?"

யார் போட்டது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆம்பூர் ரயில் நிலையம் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினோரு வருஷமாகிறது. இந்த ஊரில் எத்தனை வீட்டு மார்க்‌ஷீட்டை என் மெஷினில் விட்டு எடுத்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. பூர்ணிமாவின் பட்டத்துக்கும் மொத்த மதிப்பெண் பட்டியலுக்கும் நான் காசு கூட வாங்கவில்லை. பட்டமளிப்பு முடிந்த மறுநாள் அக்கா லட்டு டப்பாவோடு வந்து, "தண்ணி பட்டா போய்டும்டி, நல்லா போட்டுக் குடு" என்று கேட்டாள். இரண்டு முறை மெஷினில் விட்டுப் பளபளவென்று கொடுத்தேன். அந்தப் பளபளப்பை இப்போது நினைத்தால் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போல வருகிறது.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஷூ பேக்டரியில் இருபத்திரண்டு வருஷமாக அப்பர் பரிசோதனை வேலை. ஷூவின் மேல்பாகம் தைத்து வரும். அதில் தையல் விட்டதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, பழுதானதைத் தனியே எறிவாள். லைன் சூப்பர்வைசர் எவ்வளவு கத்தினாலும் அவள் கை நிற்காது. "பாஸ் பண்ணி உட்டா அங்க யாரோ காலைக் கடிக்கும். என் கையால போவக் கூடாது" என்பாள். புருஷன் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் ஊறும் டிரம்மில் வேலை செய்து உடம்பு கெட்டு வீட்டில் இருக்கிறார். வீட்டைத் தாங்குகிற ஆள் அவள்தான். ஒரே பெண் பூர்ணிமா, வேதியியல் படித்தாள். இத்தாலியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. விசாவுக்கு நாள் குறித்தாயிற்று. அன்றைக்கு அது ஐந்து வாரத்தில் இருந்தது.

சான்றிதழ் வேலையை வேலூரில் ஒரு கன்சல்டன்சியிடம் கொடுத்திருந்தாள். பத்தாவது, பன்னிரண்டாவது, ஆறு செமஸ்டர் மார்க்‌ஷீட், மொத்த மதிப்பெண் பட்டியல், பட்டம் என்று எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் என்கிற வெளியுறவு அமைச்சக ஸ்டிக்கர் வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தான் அந்த ஆள். லேமினேஷன் இருப்பதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. திருப்பிவிட்ட பிறகுதான் சொன்னான்: "எங்க கிட்ட ஆள் இருக்குக்கா, கெமிக்கல் போட்டுப் பிரிச்சுத் தருவான். கிழிஞ்சா நாங்க பொறுப்பில்ல."

அக்கா கத்தின கத்தலில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்ததாம். அத்தனை ஒரிஜினலையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அந்த மெயிலைக் காட்டுக்கா" என்றேன். பல்கலைக்கழகம் பூர்ணிமாவுக்கு அனுப்பியது. அக்கா போனுக்கு அவள் அனுப்பியிருந்ததை என் கம்ப்யூட்டருக்கு வாங்கி, உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ரத்தம் கொதித்தது. விண்ணப்பிக்கும்போது வெறும் ஸ்கேன் போதும் என்று முதலில் இருந்தது. இடம் கிடைத்த பிறகு பட்டமும் மொத்த மதிப்பெண் பட்டியலும் அப்போஸ்டிலோடு வேண்டும். இந்தப் பட்டம் அவர்கள் நாட்டில் எதற்குச் சமம் என்று அங்கேயுள்ள மையம் இணையத்திலேயே தரும் சான்று ஒன்று வேண்டும். அவ்வளவுதான். பத்தாவதும் கிடையாது, செமஸ்டரும் கிடையாது. பத்துத் தாளுக்கு வேலை வைத்தவன் எட்டுத் தாளுக்குச் சும்மா நம் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான்.

"ஜோசுவாவுக்கும் இதையேதான் செஞ்சான்" என்றாள் அக்கா. அவள் லைனில் வேலை செய்கிற அன்னம்மாளின் பையன் ஜோசுவா இங்கிலாந்து போனான். அந்தப் பல்கலைக்கழகம் கேட்டது மதிப்பெண் விவரத்தை, நம் பல்கலைக்கழகமே உறையில் போட்டு ஒட்டி முத்திரை வைத்து அனுப்ப வேண்டும் என்பதை மட்டும்தான். அப்போஸ்டில் என்ற வார்த்தையே அவர்கள் மெயிலில் இல்லை. இந்த வேலூர்க்காரனிடம் காசு கொடுத்துப் போட்ட அப்போஸ்டில் ஸ்டிக்கர்கள் இன்றைக்கும் அன்னம்மாள் வீட்டு பீரோவில் தூங்குகின்றன. ஒரு நாடு ஒன்று கேட்கும், இன்னொரு நாடு வேறு கேட்கும். அதைப் படித்துச் சொல்லத்தானே காசு வாங்குகிறான்? அதைச் செய்ய மாட்டான்.

சரி, அந்த இரண்டு தாளுக்கு வழி என்ன? முதலில் நம் பல்கலைக்கழகம் இந்தச் சான்றிதழ் உண்மையானதுதான் என்று எழுதித் தர வேண்டும். அது கையில் இருந்தது. அடுத்து சென்னைத் தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறையின் முத்திரையும் கையெழுத்தும். அதற்கு மேல்தான் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். அமைச்சகம் நேராக வாங்காது. அது நியமித்த ஏஜென்சி கவுன்டரில் கொடுக்க வேண்டும். அப்போஸ்டில் என்றால் பூர்ணிமா எத்தனை மார்க் வாங்கினாள் என்பதற்குச் சாட்சி இல்லை. இந்தக் கையெழுத்தும் முத்திரையும் நிஜம் என்பதற்குத்தான் சாட்சி. இத்தனை பேர் முத்திரை வைக்க வேண்டிய முதுகில் நான் பிளாஸ்டிக்கை ஒட்டி வைத்திருக்கிறேன்!

"டூப்ளிகேட் வாங்கலாமே" என்றாள் பூர்ணிமா. அவளும் அதற்குள் வந்துவிட்டிருந்தாள்.

"பழசை ஒப்படைச்சு எழுதிக் குடுத்தா தருவாங்க. ஆனா மூணு மாசமாவது ஆவும். விசா அஞ்சு வாரத்துல இருக்கு" என்றேன்.

அந்தப் பெண் அழவில்லை. தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னைத்தான் சுட்டது. நான் எதற்கு வாயில் ஈ போவது கூடத் தெரியாமல் எல்லாருக்கும் மெஷினில் விட்டுக் கொடுத்தேன்? ஒரு பேப்பரில் 'சான்றிதழுக்கு லேமினேஷன் போட மாட்டோம்' என்று எழுதி ஒட்ட எனக்கு அறிவில்லையா?

அக்கா சான்றிதழின் ஓரத்தை நகத்தால் தடவினாள். பேக்டரியில் தோலைத் தடவுகிற மாதிரியே.

"மோகனா, இது சூட்டுல ஒட்டுற பசைதான?"

"ஆமாக்கா."

"அப்ப சூட்டுலதான் உடும். லைனிங் தப்பா ஒட்டிட்டா சூடு காட்டித்தான் நாங்க பிரிப்போம். ஆனா எவ்ளோ சூடுன்னு தெரியணும். மொதல்ல வேற ஒண்ணுல பண்ணிப் பாக்கணும். இதே பேப்பர், இதே பவுச், இதே மெஷின்."

கடையில் இருந்தது பிரியாணிக் கடை விலைப் பட்டியல், பஸ் நேரம், சாமி படம். எல்லாம் மெல்லிய தாள். பட்டத்தின் கெட்டித் தாளுக்கு அது ஒத்து வராது. அக்கா சுவரைப் பார்த்தாள். அங்கே ஆணியில் என் பி.காம். பட்டம் தொங்கியது. அதுவும் அதே பல்கலைக்கழகம், அதே கெட்டித் தாள். கடை திறந்த வருஷம் நானே ஆசையாக லேமினேஷன் போட்டது. வேலைக்குப் போகாத பட்டம், ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டி வைத்திருந்தேன்.

"அது வேணாம்கா" என்று என் வாய் சொல்ல வந்தது. சொல்லவில்லை. எட்டி எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைச் சாத்தி மூன்று பேரும் உட்கார்ந்தோம். பழைய வேட்டித் துணி, இஸ்திரிப் பெட்டி. முதலில் பின்பக்கம். அக்கா துணி மேல் பெட்டியை வைத்து எடுத்து, ஓரத்தை நகத்தால் கிளப்பி மெல்ல இழுத்தாள். அழகாக வந்தது. நான் பெருமூச்சு விட்டேன். முன்பக்கம் பாதி வந்தபோது ஆறிவிட்டது. அவள் மேல்நோக்கி இழுத்தாள். சர்ரென்று என் பெயர் முழுவதும் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. தாளின் தோல் உரிந்து வெள்ளையாக நின்றது.

பூர்ணிமா, "அக்கா..." என்று என்னைப் பார்த்தாள்.

"வாய மூடிட்டுப் பாரு" என்றாள் அவளுடைய அம்மா. "ஆறினா கிழிக்குது. சூடா இருக்கும்போதே இழுக்கணும். மேல தூக்கக் கூடாது, படுக்க வெச்சு மடிச்சு இழுக்கணும்." என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அதே சமயம் இந்தப் பெண்பிள்ளையிடம் மன்னிப்பை வாங்கி எங்கே மாட்டி வைப்பது என்றும் தோன்றியது.

பூர்ணிமாவின் மதிப்பெண் பட்டியலுக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. பட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம். விரல் அகலத்துக்குச் சூடு காட்டி, விரல் அகலத்துக்கு இழுத்தாள். அவள் நெற்றி வியர்வை தாளில் விழாமல் பூர்ணிமா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசி மூலை வந்ததும் அக்கா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு எழுத்து கூடக் கெடவில்லை.

"பாஸ்" என்றாள்.

புதன்கிழமை லீவு போட்டுச் சென்னை போனாள். தலைமைச் செயலக முத்திரை விழுந்தது. அதன் பிறகு அப்போஸ்டில். இரண்டு தாளுக்கு மட்டும். ஸ்டிக்கரில் இருந்த எண்ணை அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. அந்த வேலூர்க்காரன் போன் செய்து, "மீதி எட்டையும் போட்டுடலாமே மேடம், பின்னாடி பேஜார் ஆவும்" என்றானாம். அக்கா அவனுக்குச் சொன்ன பதிலை நான் இங்கே எழுத முடியாது.

பூர்ணிமா விசா வாங்கிப் போய்விட்டாள். என் கடைக் கண்ணாடியில் இப்போது பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்: சான்றிதழுக்கு லேமினேஷன் கிடையாது. கேட்கிறவர்களிடம் கத்துகிறேன். கத்துவது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. என் பட்டத்தை மட்டும் சுருட்டி மேசைக்குள் போட்டுவிட்டேன். பெயரில்லாத பட்டம் எதற்கு?

போன வாரம் அக்கா வந்தாள். கையில் ஒரு படிவம். டூப்ளிகேட் பட்டத்துக்கான விண்ணப்பம். என் பெயர், வருஷம், பதிவெண் எல்லாம் அன்றைக்கு என் பட்டத்தைப் படம் எடுத்து வைத்திருந்த பூர்ணிமாவிடம் போனில் கேட்டுக் கேட்டு அக்காவே நிரப்பியிருந்தாள்.

"கிழிஞ்சதை எடுத்து வை. ஒப்படைக்கணுமாம். நாளைக்கு லீவு போட்டிருக்கேன், காலை வண்டிக்குக் காட்பாடி போய் அங்கருந்து யுனிவர்சிட்டிக்குப் போவலாம்."

"எனக்கு எதுக்குக்கா? நான் எங்க போப்போறேன், இந்தக் கடையை உட்டுட்டு?" என்றேன். எரிச்சலாகத்தான் சொன்னேன்.

அவள் என்னைவிட எரிச்சலாகத் திருப்பினாள். "எங்க போறேன்னு அப்புறம் பாத்துக்க. கெடுத்தது நான். என் கையால கெட்டது கெட்டாப்பலயே இருக்கக் கூடாது. ஏழு மணிக்கு ஸ்டேஷன்ல இரு."

ஆறரைக்கே போய் நின்றேன்.