அளவெடுத்ததும் ரோச்சை நூருங்கோ

சண்டை நடந்து, கொழும்பில் பொலிஸ் வீட்டுக்கு வீடு சோதனை போட்ட காலம். வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒளியும் நிழலும் பாடத்துக்காக யன்னல்களைச் சாத்தினேன். பிறிஸ்டல் போர்ட் மட்டையில் ஐந்து சென்ரிமீற்றர் உயரத்தில் யானை வெட்டியிருந்தேன். மேசையில் வைத்த ரோச் லைற்றுக்கும் சுவருக்கும் இடையே ஒரு மீற்றர். நட்ட நடுவில் யானையைப் பிடித்தபோது நிழல் பத்து சென்ரிமீற்றர் வந்தது.

"இப்ப ரோச்சுக்குக் கிட்ட, இருபத்தைஞ்சு சென்ரிமீற்றரில பிடிச்சால்? முதல் எழுதுங்கோ. பிறகுதான் அளக்கிறது."

பதினைந்து என்று வகுப்பே எழுதியது. ஒருத்தி மட்டும் இருபது என்று எழுதியிருந்தாள். அளந்தோம், இருபதேதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு மாதமான பிள்ளை. தாய் தகப்பனோடு கடற்கரைப் பக்கம் ஒரு லொட்ஜில், ஒரே அறையில் இருந்தாள்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

"அங்க கரண்ட் இல்லைதானே ரீச்சர். விளக்குக்கு முன்னால கைவைச்சு விளையாடுறனாங்கள்."

எனக்கு ஒரே சந்தோசம், ஒரே புளுகம். அந்தப் புளுகத்திலே வீட்டுப்பாடமும் கொடுத்தேன். நாற்பது, இருபது, பத்து சென்ரிமீற்றர் தூரங்களில் பிடித்தால் நிழல் எவ்வளவு? எதிர்பார்ப்பது ஒரு நிரலில், அளந்தது மற்ற நிரலில். பெரிய கெட்டிக்காரியாக ஒரு புத்தியும் சொன்னேன்.

"ஒவ்வொரு அளவும் எடுத்தவுடன ரோச்சை நூருங்கோ. எரிய விட்டால் பற்றறி வீணாப்போகும்."

பற்றறிக்கே தடையிருந்த ஊர்ப் பிள்ளை; அதன் அருமை அவளுக்குச் சொல்லியா தெரியவேண்டும்? சொன்னபடியே செய்தாள்.

அடுத்த நாள் பிந்தி வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"பொலிஸ்காரர் அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் ரீச்சர். பொழுதுபட நான் ரோச்சைப் பத்திப் பத்தி நூத்தனான். யன்னலாலை கடல்ல நிக்கிற இயக்கப் படகுக்கு சிக்னல் காட்டினதெண்டு சொல்லுறாங்கள். நான்தான் எண்டு அழுதனான். அப்பா தான்தான் பத்தினது எண்டு சொல்லிப்போட்டார்."

அவளுடைய வீட்டுப்பாடக் கொப்பியையும் நான் வெட்டிய யானையையும் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், நான்தான் நூர்க்கச் சொன்னேன் என்று விளக்கினேன். அதிகாரி இருக்கக் கதிரை தந்தார். யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, விசாரித்துச் சொல்கிறோம் மிஸ் என்றார். அந்த மரியாதைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசியிருந்தாலாவது திருப்பி ஏசியிருப்பேன். நாலு தரம் போனேன். நாலு தரமும் அதே கதிரை, அதே பதில். கொப்பியை மட்டும் கடைசியில் தந்தார்கள்.

அதை அவளிடம் திருப்பிக் கொடுக்குமுன் பார்த்தேன். நாற்பதுக்குப் பன்னிரண்டரை, இருபதுக்கு இருபத்தைந்து. அளந்ததும் அதேதான். பத்துக்கு ஐம்பது என்று எதிர்பார்த்திருந்தாள். அளந்த இடம் வெறுமையாக இருந்தது. அந்த நேரத்தில்தான் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

கொப்பியை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்பா எப்ப வருவார் ரீச்சர்? நீங்கள் முதல் சொல்லுங்கோ. பிறகு பாப்பம்."

தெரியாது என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"நாளைக்கு" என்றேன்.

பத்துக்குக் கீழே "அப்பா" என்று எழுதினாள். எதிர்பார்க்கும் நிரலில் "நாளை" என்று எழுதினாள். மற்ற நிரலை, நான் சொல்லிக்கொடுத்தபடியே, வெறுமையாக விட்டாள்.