ஒன்பதாம் கேள்வி

கப்பலில் வேலை பார்த்த அண்ணன் பதினான்கு கேள்விகளை எண்ணிட்டு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். காரைக்கால் பிரவுசிங் சென்டரில், ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அதன் பதிலைத் தட்டச்சிட்டு வந்தேன். அம்மா அருகில் அமர்ந்து பதில் சொன்னாள்.

ஒன்பதாவது: பக்கவாதத்துக்குப் பின் அப்பா என் பெயரைச் சொல்கிறாரா?

அப்பாவுக்கு எங்கள் யார் பெயரும் நினைவில்லை.

"அந்தக் கேள்விய அழிச்சிடுடி. நடுக்கடல்ல கெடந்து அழுவான்."

"நம்பர் போட்டிருக்கான்மா. எட்டுக்கப்புறம் பத்து வந்தா தெரிஞ்சிடும்."

"அப்ப சொல்றாருன்னு போடு."

"நாளைக்கு போன் பண்ணி அப்பாகிட்ட குடுங்கன்னா?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். 'இல்லை அண்ணா' என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்கு இறங்கினேன்.

பத்தாவது: அப்பாவுக்கு எந்த அளவில் சட்டை வாங்கட்டும்?

"முன்ன நாப்பத்திரண்டு," என்றாள் அம்மா. "இப்ப எதுவும் தோள்ல நிக்காது."