ஒட்டி எழுதுவதா, பிரித்து எழுதுவதா

எங்கள் பள்ளியில் கேள்வித்தாள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவர் ஆபீஸ் அக்கா. அனுமந்தன்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்றாலும் கடைசிவரை என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்.

நாங்கள் பழகத் தொடங்கியது ஒரு சண்டையில். ஒரு வருடம் அரையாண்டுத் தேர்வுக்கு ஒன்பதாம் வகுப்புத் தாளில் ஒரு பகுதி வைத்திருந்தேன். அடைப்புக்குள் இரண்டு விடை இருக்கும், சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று everyday, இன்னொன்று every day. அடுத்த கேள்விக்கு maybe, may be. அதற்கடுத்து anyone, any one. சேர்த்து எழுதினால் ஒரு பொருள், பிரித்தால் வேறு பொருள். பிள்ளைகள் ஓயாமல் தடுக்கி விழுகிற இடம் அது.

தேர்வு தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் மேற்பார்வைக்கு நின்ற அறையில் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், ரெண்டு விடையும் ஒண்ணுதான் போட்டுருக்கு. எத எழுதுறது?"

தாளை வாங்கிப் பார்த்தேன். everyday, everyday என்று இருந்தது. அதன் கீழே maybe, maybe. அதற்கும் கீழே anyone, anyone. already, all ready என்று நான் வைத்திருந்த நான்காவது ஜோடி மட்டும் எழுத்து வித்தியாசத்தால் தப்பித்திருந்தது.

பக்கத்து அறையிலிருந்த இயற்பியல் சாரிடம் சொன்னேன். அவர் உதவுவதாக நினைத்துப் பிள்ளைகளிடம் உரக்க வாசித்தார்: "முதல் விடை எவ்ரிடே. ரெண்டாவது விடை எவ்ரி டே." பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசித்தால் வேலைக்காகாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். நான்கு அறைக்கும் ஓடிக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். கடைசி அறையில் அவசரத்தில் பிரிக்க வேண்டியதை நானே ஒட்டி எழுதி, அழித்து மறுபடி எழுதினேன்.

தேர்வு முடிந்ததும் நேராக ஆபீஸுக்குப் போனேன். அக்கா தாள்களை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக? நான் பிரிச்சு எழுதினத எல்லாம் ஏன் ஒட்டுனீக?"

அவர் நான் கையால் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து மேஜையில் விரித்தார். "ஒரே வார்த்தைய ரெண்டு தடவ எழுதிருக்கீக. ஒண்ணுல மட்டும் கை தவறி நடுவுல எடம் விட்டுட்டீகன்னு நெனச்சேன். பாவம், அவசரத்துல எழுதிருக்காகன்னு நாந்தான் திருத்துனேன். கம்ப்யூட்டரும் செவப்புக் கோடு போடல."

கம்ப்யூட்டர் எப்படிப் போடும்? ஒட்டினாலும் சரியான சொல், பிரித்தாலும் சரியான சொல். அது எழுத்துப் பிழையைத்தான் காட்டும். எனக்கு வந்த கோபம் அந்தப் 'பாவம்' என்ற சொல்லிலேயே பாதி கரைந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

every day என்றால் ஒவ்வொரு நாளும், நடுவில் single என்று ஒரு சொல்லைச் செருகிப் பார்க்கலாம், செருக முடிந்தால் இரண்டு சொல், என்று வகுப்பில் சொல்வதைப் போலவே சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டார். ஆனால் செருகுகிற வேலை அவருக்குப் பிடிக்கவில்லை.

"எனக்கு இங்கிலீசுல செருகிப் பாக்கத் தெரியாது டீச்சர். தமிழ்ல என்னன்னு சொல்லுங்க."

சொன்னேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒட்டினார். 'தினமும்' என்றால் பிரி, 'அன்றாட' என்றால் ஒட்டு. 'இருக்கலாம்' என்றால் பிரி, 'ஒருவேளை' என்றால் ஒட்டு. 'ஏதாவது ஒன்று' என்றால் பிரி, 'யாராவது' என்றால் ஒட்டு.

அதைப் பார்த்து நான்தான் வெட்கப்பட்டேன். இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு இவ்வளவு எளிதாக நான் சொல்லியதில்லை. தேர்வு விடுமுறை முடிந்ததும் வகுப்பில் அப்படியே எழுதிப்போட்டேன். இது ஆபீஸ் அக்கா கண்டுபிடித்தது என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அவரைப் பார்த்தால், "அக்கா, ஒட்டா, பிரியா?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள்.

அக்காவும் விடவில்லை. தாளை அடிக்கும் முன் என்னைத் தேடி வகுப்பு வாசலுக்கே வந்துவிடுவார். "இந்த sometime ஒட்டா? 'எப்பவாவது'ன்னா, 'கொஞ்ச நேரம்'ன்னா?" என்பார். 'எப்போதாவது ஒரு நாள்' என்றால் ஒட்டு, 'கொஞ்ச நேரம்' என்றால் பிரி என்பேன். குறித்துக்கொண்டு போவார். காகிதம் நீண்டு கம்ப்யூட்டரின் மூன்று பக்கமும் சுற்றிவிட்டது.

சென்ற ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். ஷீல்டு கொடுப்பது என்று முடிவானது. அதில் பொறிக்க ஆங்கில வாசகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அன்றாட அன்புக்கு நன்றி, தினமும் அதைத் தந்ததற்கு நன்றி, நீங்கள் என்றும் எங்களில் ஒரு பகுதி என்று அர்த்தம் வரும்படி எழுதினேன். everyday, every day இரண்டும் அடுத்தடுத்து வரும்படி வேண்டுமென்றேதான் எழுதினேன். அவர் சிரிப்பார் என்று தெரியும்.

தேனியில் ஷீல்டு செய்யும் கடைக்காரர் மாதிரியைப் படம்பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார். அந்த இரண்டு சொற்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று ஒட்டி, ஒன்று பிரித்து. சரி என்று பதில் போட்டேன்.

விழாவில் தலைமையாசிரியை ஷீல்டைக் கொடுத்தார். அக்கா வாங்கி வாசித்தார். முகம் ஒரு நொடி மாறியது. பிறகு கட்டைவிரலைப் பலகையின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். எல்லாப் படத்திலும் விரல் அங்கேதான் இருந்தது. உணர்ச்சியில் இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் என்னை ஆபீஸுக்குள் கூட்டிப்போய் விரலை எடுத்தார்.

"அங்கன ஒரு எடம் விட்டுப்போச்சு டீச்சர்."

a part என்று இருக்க வேண்டிய இடத்தில் apart என்று இருந்தது. எங்களில் ஒரு பகுதி என்பது எங்களைவிட்டு விலகி என்று ஆகியிருந்தது. நான் எழுதிய a எழுத்து அடுத்ததோடு ஒட்டி நின்றிருக்க வேண்டும். இரண்டு சொல்லை உற்றுப் பார்த்த நான் மூன்றாவதைக் கவனிக்கவே இல்லை.

"எல்லாரும் பாத்தாகன்னா இங்கிலீஷ் டீச்சர் எழுதுனதுன்னு பேச்சு வரும். அதான் மறைச்சேன்," என்றார்.

"இப்படியே இருக்கட்டுமாக்கா? இல்ல..." என்று இழுத்தேன்.

"எதுக்கு இப்படியே இருக்கணும்? தப்புன்னா திருத்தணும். தள்ளி இருன்னு எழுதி வீட்டுல மாட்டி வச்சு தெனமும் நான் பாக்கணுமா?"

சனிக்கிழமை இருவரும் தேனிக்குப் போனோம். கடைக்காரர் ஷீல்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு எடவெளிதானம்மா. யாரு பாக்கப் போறா? பொறிச்சதுல நடுவுல எடம் விட முடியாது, தகட்டையே மாத்தணும்."

நான் வாயைத் திறக்கும் முன் அக்கா பேசினார். "தம்பி, ஒங்க கடைப் பலகைல 'எங்களிடம் வாங்க'ன்னு போடாம 'எங்களவிட்டுப் போங்க'ன்னு போட்டா மாட்டிவப்பீகளா? ஒட்டுனா 'விலகி', பிரிச்சா 'ஒரு பகுதி'. நீங்களே சொல்லுங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். இருங்க என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார்.

புதுத் தகடு வந்தது. மறுபடி தப்பாகிவிடக் கூடாது என்று அவர் a என்ற எழுத்துக்கும் part என்பதற்கும் நடுவே ஏகத்துக்கும் இடம் விட்டிருந்தார். அக்கா அதை விரலால் அளந்து பார்த்தார்.

"இந்த எடத்துல இன்னொரு ஆளே உக்காரலாம் போல டீச்சர்."

"வேற அடிக்கச் சொல்லவாக்கா?"

"வேணாம். அர்த்தம் சரியா இருக்கு," என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பசிக்கிறது என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம்.